சாவி வாங்கியதும் முதலில் வாளி: புது வீட்டில் அறை அறையாகக் குறை பார்ப்பது எப்படி?

தெங்காவில் நாலறை வீடு ஒன்றின் சாவியை வாங்கிய இளம் தம்பதியர், மறுநாள் காலை வீட்டிற்குள் கொண்டுசென்ற முதல் பொருள் ஒரு பிளாஸ்டிக் வாளி. மனைவியின் தாய்மாமன் கட்டுமானத் தளங்களில் பல ஆண்டுகள் டைல்ஸ் பதித்தவர். “மாப்பிள்ளை, சுவரைப் பார்க்கிறது அப்புறம். முதல்ல குளியலறையில தண்ணி ஊத்துங்க. தண்ணி பொய் சொல்லாது,” என்றார் அவர்.

கணவர் ஊற்றினார். பெரும்பாலான தண்ணீர் தரை வடிகாலை நோக்கி ஓடியது. ஆனால், குளிக்கும் இடத்தின் மூலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. இருபது நிமிடங்கள் கழித்தும் அது அப்படியே இருந்தது.

அந்தத் தம்பதியர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சத் திட்டமிட்டிருந்தனர். அதற்கடுத்த புதன்கிழமை புதுப்பிப்புப் பணியைத் தொடங்கக் குத்தகையாளருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டனர். அந்த மூலையில் தேங்கிய தண்ணீரால் பணி மூன்று வாரம் தள்ளிப்போனது. அப்படித் தள்ளிப்போட்டதுதான் அவர்கள் எடுத்த சரியான முடிவு. காரணம், புதுப்பிப்புப் பணி தொடங்கியபின் ஒரு குறை தெரியவந்தால், அது கட்டியவர் விட்ட குறையா, புதுப்பித்தவர் ஏற்படுத்திய சேதமா என்று நிரூபிப்பது கடினம்.

எத்தனை நாள் இருக்கிறது?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடுகளுக்குச் சாவி பெற்ற நாளிலிருந்து ஓராண்டு குறை சரிசெய்யும் காலம் உண்டு. இந்த ஓராண்டில் கட்டுமானக் குறைபாடுகளைக் கட்டிய குத்தகையாளர் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறைகளைச் சாவி பெற்ற ஒரு மாதத்திற்குள், புதுப்பிப்புப் பணி தொடங்கும் முன்னரே தெரிவிக்குமாறு வீவக கேட்டுக்கொள்கிறது. புதிய குடியிருப்பு வட்டாரங்களில் இதற்கென்றே கட்டடச் சேவை நிலையம் ஒன்று இயங்கும். குறைகளை அங்குதான் பதிவு செய்யவேண்டும்.

ஓராண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போடுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். சாயத்தில் ஒரு கீறல், கண்ணாடியில் ஒரு கோடு, டைல்ஸின் ஓரத்தில் ஒரு சிதறல் ஆகியவை ஆளில்லாத வீட்டில் இருந்தால் கட்டியவரின் பொறுப்பு. அதே வீட்டில் அலமாரி பொருத்துபவர், மின்பணியாளர், குளிர்சாதனம் பொருத்துபவர் ஆகியோர் வந்துபோன பிறகு கண்டுபிடித்தால் அந்தப் பொறுப்பு யாருடையது என்று சொல்லமுடியாது.

பால் காய்ச்சும் சடங்குக்கும் இதே கணக்குதான். மஞ்சளும் குங்குமமும் டைல்ஸ் இடுக்குகளில் பூசியிருக்கும் கலவையில் ஊறினால் எளிதில் போகாது. தோரணம் கட்ட நிலைப்படியில் அடித்த ஆணியும் தடம் விடும். சடங்கைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் பிடித்துவிட்டால் போதும்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வாளி, கைவிளக்கு, அளவு நாடா, சிறிய ரசமட்டம், நேரான நீண்ட பலகை அல்லது அலுமினியச் சட்டம், கைப்பேசி மின்னூட்டி, சுவரில் ஒட்டினாலும் சாயத்தை உரிக்காத மாஸ்கிங் டேப், பேனா ஆகியவை போதும். டைல்ஸைத் தட்டிப் பார்க்க, நுனியில் உலோகக் குண்டு உள்ள நீட்டிப்புக் கோல் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு வெள்ளி நாணயத்தின் ஓரமே வேலைக்கு ஆகும்.

மின்சாரமும் தண்ணீரும் இல்லாத வீட்டில் பாதிக் குறைகள் தெரியாது. எனவே எஸ்பி குழுமத்தில் பயனீட்டுக் கணக்கை முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. பகல் வெளிச்சத்தில் போகவேண்டும். நாலறை வீட்டிற்கு மூன்று மணிநேரம் ஒதுக்கலாம்.

வீட்டின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் கொடுப்பது பின்னர் பெரிய உதவியாக இருக்கும். குறை உள்ள இடத்தில் டேப் ஒட்டி அதில் எண்ணை எழுதவேண்டும். அதே எண்ணை வரைபடத்திலும் குறிக்கவேண்டும். பிறகு இரண்டு படங்கள் எடுக்கவேண்டும். ஒன்று குறையை நெருக்கத்தில் காட்டுவது, மற்றொன்று அது அறையில் எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து காட்டுவது. நெருக்கப் படம் மட்டும் இருந்தால், ஒரு வெள்ளைச் சுவரின் கீறல் எந்த அறையைச் சேர்ந்தது என்று இரண்டு வாரம் கழித்து எடுத்தவருக்கே தெரியாது.

வேலை தொடங்கும் வரிசையும் முக்கியம். முதலில் குளியலறைகளிலும் துணி துவைக்கும் இடத்திலும் தண்ணீர் ஊற்றிவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கப் போகலாம். திரும்பி வரும்போது தண்ணீர் தன் பதிலைச் சொல்லியிருக்கும்.

வாசலும் வரவேற்பறையும்

வாசல் கதவைத் திறந்து, பாதியில் கையை எடுக்கவேண்டும். கதவு தானாக மூடினாலோ திறந்தாலோ நிலை செங்குத்தாக இல்லை என்று பொருள். மூடிய கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, கீழே தரையில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். கொடுத்த சாவிகள் அனைத்தையும், கேட், அறைக் கதவு, அஞ்சல் பெட்டி உட்பட, ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்க்கவேண்டும்.

சுவரைப் பார்க்க நேர் எதிரே நிற்கக்கூடாது. கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் படும்படி செய்தால் மேடு பள்ளங்களும் சாயம் சரியாகப் பூசாத இடங்களும் நிழலாகத் தெரியும்.

சுவரில் முடியளவு மெல்லிய வெடிப்புகளைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். ஆலையில் வார்த்த சுவர்ப் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்திலும், பூச்சு காய்ந்து சுருங்கும் இடத்திலும் இத்தகைய வெடிப்புகள் வருவது வழக்கம். அவை கட்டடத்தின் வலுவைப் பாதிப்பதில்லை. ஆனாலும் பதிவு செய்யலாம், பூசித் தருவார்கள். கவலைப்படவேண்டியது வேறு வகை வெடிப்பு. சாய்வாக ஓடுவது, நாணயத்தின் ஓரம் நுழையும் அளவுக்கு அகலமானது, நாளுக்கு நாள் நீளுவது ஆகியவற்றை உடனே தெரிவிக்கவேண்டும். வெடிப்பு நீளுகிறதா என்று அறிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டுத் தேதியை எழுதிவைத்தால் போதும்.

தரை எந்த வகை என்பதைப் பொறுத்துச் சோதனை மாறும். வீவக வீடு வாங்கும்போது, வரவேற்பறைக்கும் படுக்கையறைகளுக்கும் தரைப் பூச்சு வேண்டுமா என்று விருப்பத் தேர்வு கேட்கப்படுகிறது. வேண்டாம் என்றவர்களுக்கு வெறும் சிமெண்டுத் தரையே கிடைக்கும். அதன்மேல் வினைல் பலகை பதிக்கத் திட்டமிட்டிருந்தால், சிமெண்டுத் தரை சமமாக இருப்பது மிக முக்கியம். பள்ளத்தின் மேல் பதித்த வினைல் நடக்கும்போது அமுங்கும். நாளடைவில் அதன் இணைப்புகள் பிரியும்.

இதை அளக்க எளிய வழி உண்டு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் கான்குவாஸ் தர மதிப்பீட்டு முறை, 1.2 மீட்டர் தூரத்திற்குள் தரையின் மேடு பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நேரான சட்டத்தைத் தரையில் வைத்து, அதன் அடியில் தெரியும் இடைவெளியில் ஒரு வெள்ளி நாணயத்தைப் படுக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். இப்போது புழக்கத்தில் இருக்கும் அந்த நாணயத்தின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். நாணயம் தட்டாமல் தாராளமாக உள்ளே போனால் அந்த இடத்தில் டேப் ஒட்டலாம்.

டைல்ஸ் பதித்த தரையாக இருந்தால், அடுத்தடுத்த இரு டைல்ஸின் உயர வேறுபாட்டை விரல் நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். கான்குவாஸ் முறையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அது குறை. பிறகு ஒவ்வொரு டைலின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டவேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் அடைத்த, கனமான ஒலி வரும். கலவை பரவாமல் வெற்றிடம் இருந்தால் டப்பாவைத் தட்டியதுபோல் ஒலி எழும். ஒரு மூலையில் மட்டும் அப்படிக் கேட்பது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. டைல் முழுவதும் அப்படி ஒலித்தால், கனமான பொருள் விழும்போது உடையவோ வெப்பத்தில் விரிந்து மேலெழும்பவோ வாய்ப்புண்டு.

படுக்கையறைகளும் சன்னல்களும்

படுக்கையறையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியது சன்னல்களுக்கு. ஒவ்வொன்றையும் முழுதாகத் திறந்து, மூடி, பூட்டவேண்டும். பூட்டியபின் சன்னல் அசையக்கூடாது. மூடிய சன்னலின் இடுக்கில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் பட்டை அந்த இடத்தில் சரியாக அழுந்தவில்லை. கண்ணாடியில் சிமெண்டுத் துளிகளையும் கீறல்களையும் பார்க்கவேண்டும். வெளிச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே பூசிய சிலிகோன் பட்டை விடுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

ஆனால், சன்னல் குறைகளில் மிகப் பெரியது காய்ந்த நாளில் தெரியாது. அதற்கு மழை வரவேண்டும். காற்றோடு கனமழை பெய்த அன்றோ மறுநாளோ வீட்டிற்குச் சென்று, சன்னலின் கீழ்ச்சுவரையும் இரு மூலைகளையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரமோ, சாயம் உப்பியிருப்பதோ தெரிந்தால் படம் எடுத்து, மழை பெய்த தேதியோடு பதிவு செய்யவேண்டும்.

தெங்காத் தம்பதியர் முதல் நாளில் சன்னல்கள் அனைத்தையும் சரி என்று குறித்திருந்தனர். ஒன்பதாம் நாள் பெய்த மழைக்குப் பிறகு, சிறிய படுக்கையறையின் சன்னல் மூலையிலிருந்து உள்ளங்கை அகலத்திற்கு ஈரம் இறங்கியிருந்தது. அங்கே அவர்கள் கட்டிலோடு சேர்ந்த அலமாரி ஒன்றைப் பொருத்தவிருந்தனர். அலமாரி வந்திருந்தால் அந்த ஈரம் பலகைக்குப் பின்னால் மறைந்து, பூஞ்சை பிடித்த பிறகே தெரிந்திருக்கும்.

சமையலறையும் துணி துவைக்கும் இடமும்

சமையலறையில் தண்ணீர்க் குழாய்களை முழுதாகத் திறந்து ஓடவிட்டு, இணைப்புகளின் அடியில் உலர்ந்த மென்தாளைச் சுற்றவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுநீர்க் குழாயின் வாயில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றவேண்டும். நீர் தயங்கி இறங்கினால் உள்ளே சிமெண்டோ குப்பையோ அடைத்திருக்கலாம். கட்டுமான நேரத்தில் கழுவிய கலவை குழாய்க்குள் போய் இறுகிவிடுவது புதுவீடுகளில் காணப்படும் பழைய பிரச்சினை.

துணி துவைக்கும் இடத்தில் தரை வடிகாலின் மூடியைத் திறந்து, கைவிளக்கால் உள்ளே பார்க்கவேண்டும். அங்கும் வாளித் தண்ணீரை ஊற்றி, நீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, சமையலறைப் பக்கம் திரும்பி வருகிறதா என்று கவனிக்கவேண்டும்.

சுவருக்குள் மறைந்திருக்கும் கசிவைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் மானியே போதும். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நடைபாதையில் இருக்கும் மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணிநேரம் கழித்து எண் மாறியிருந்தாலோ, சிறிய சக்கரம் சுழன்றுகொண்டிருந்தாலோ எங்கேயோ நீர் கசிகிறது.

குளியலறை: அவசரப்படக்கூடாத இடம்

மற்ற அறைகளில் குறையை விட்டுவிட்டால் அழகு கெடும். குளியலறையில் விட்டுவிட்டால் கீழ் வீட்டுக்காரரின் கூரை ஒழுகும். குளியலறைத் தரையில் டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்புப் படலம் ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்திற்கு நீர் இறங்காமல் தடுப்பது டைல்ஸ் அல்ல, அந்தப் படலம்தான். அதனாலேயே புதிய வீவக வீடுகளில் கட்டடம் முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் டைல்ஸை உடைத்து மாற்ற அனுமதியில்லை. பிடிக்காத டைல்ஸின் மேல் இன்னொரு டைல்ஸைப் பதிக்கலாம். ஆனால் அடியில் இருப்பதைத் தொடமுடியாது.

எனவே, குளியலறைத் தரையின் சரிவு தவறாக இருந்தால் அதைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரான வழி, கட்டிய குத்தகையாளர் மூலம் சரிசெய்வதுதான். அதைப் பார்க்காமல் மேலே புது டைல்ஸைப் பதித்துவிட்டால், யாருடைய சரிவு தவறு என்ற கேள்வி எழும்.

சோதனை இப்படி: வடிகாலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மூலையில் தொடங்கி, எல்லா மூலைகளிலும் கழிவறைத் தொட்டியின் பின்புறத்திலும் தண்ணீர் ஊற்றவேண்டும். வாசற்படியருகிலும் ஊற்றவேண்டும். தண்ணீர் வெளியே அறைப் பக்கம் வரக்கூடாது. பதினைந்து இருபது நிமிடங்கள் கழித்துப் பார்க்கும்போது தரை ஈரமாக இருக்கலாம், அங்கங்கே துளிகள் நிற்கலாம். அது குறையல்ல. விரலை வைத்தால் அலை எழும் அளவுக்குக் குட்டையாக நின்றால் அது குறை. குட்டையின் ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் அகலத்தை அளந்து படம் எடுக்கவேண்டும். தண்ணீர் காய்ந்தபின் வரும் பணியாளருக்குக் குட்டை எங்கே இருந்தது என்று அப்போதுதான் தெரியும்.

கழிவறைத் தொட்டியைப் பலமுறை ஃபிளஷ் செய்து, நீர் நிரம்பியதும் ஓட்டம் நிற்கிறதா என்று கேட்கவேண்டும். தொட்டிக்குள் சில துளி உணவுச் சாயம் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணிநேரம் காத்திருக்கலாம். கழிவறைக் கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே வால்வு கசிகிறது. தொட்டியின் அடிப்பாகத்தை மென்தாளால் துடைத்துப் பார்ப்பதும் அவசியம்.

பின்னர் மேலே பார்க்கவேண்டும். கூரையிலும் மேல்வீட்டின் குழாய் இறங்கும் இடத்திலும் மஞ்சள் கறையோ ஈரமோ இருக்கிறதா என்று கைவிளக்கால் தேடவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சாவி வாங்கும் நாளில் மேல்வீட்டில் யாரும் குடியிருக்கமாட்டார்கள். யாரும் குளிக்காத குளியலறை ஒழுகாது. மேல்வீட்டார் குடிவந்து சில வாரங்கள் கழித்துக் கூரையை மறுபடி பார்க்கவேண்டும். சமையலறை, குளியலறைக் கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் வழியாக நீர் ஊடுருவுவதற்கும் ஐந்தாண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுவதற்குப் பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. பொய்க்கூரை போடுவோர், பின்னர் கூரையைப் பார்க்க ஒரு திறப்பு விடச்சொல்வது நல்லது.

காப்பறையும் மின்சாரமும்

பலர் பாம் ஷெல்டர் என்று அழைக்கும் வீட்டுக் காப்பறையைச் சேமிப்பறை என்று நினைத்து மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். அதன் எஃகுக் கதவு முழுதாக மூடிப் பூட்டவேண்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழியாமல், சாயம் பூசப்படாமல் இருக்கவேண்டும். காற்றோட்டத் துளைகளை மூடும் உலோகத் தகடுகள் அனைத்தும் இருக்கவேண்டும். கதவை மாற்றவோ சுவரை இடிக்கவோ அனுமதியில்லாத அறை என்பதால், துருவும் சேதமும் இருந்தால் இப்போதே சொல்லிவிடவேண்டும்.

மின்சாரத்தில் வீட்டுக்காரர் செய்யவேண்டியது குறைவு. கைப்பேசி மின்னூட்டியை ஒவ்வொரு செருகுவாயிலும் பொருத்திப் பார்க்கவேண்டும். மின்விசைப் பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அது ஆபத்து. பெட்டியைத் திறந்து எதையும் தொடாமல் அன்றே தெரிவிக்கவேண்டும்.

பதிவு செய்தபின்

தம்பதியரின் பட்டியலில் முதல் நாளில் 23 குறைகள் இருந்தன. அவற்றில் பதினான்கு சாயம், பூச்சு தொடர்பானவை. மூன்று டைல்ஸ் முழுவதும் வெற்றொலி தந்தன. ஒரு கதவு உரசியது, ஒரு செருகுவாய் வேலை செய்யவில்லை, ஒரு சன்னல் கண்ணாடியில் கீறல், வடிகால் மூடி ஒன்று உடைந்திருந்தது, சமையலறைக் கழிவுநீர்க் குழாயில் நீர் தயங்கி இறங்கியது. இருபத்து மூன்றாவது, குளியலறை மூலையில் தேங்கிய தண்ணீர்.

சேவை நிலையத்தில் படிவத்தைக் கொடுத்தபின், பணியாளர் ஒருவருடன் சேர்ந்து வீட்டைப் பார்க்கும் நாள் முடிவு செய்யப்பட்டது. இந்தக் கூட்டுப் பார்வைக்குத் தாய்மாமனும் வந்தார். அவர் வாதாடவில்லை. வாளியை எடுத்து, டேப் ஒட்டியிருந்த மூலையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காட்டினார். “நீங்களே பாருங்க தம்பி,” என்று மட்டும் சொன்னார். பணியாளர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மூலையிலிருந்த டைல்ஸை எடுத்துச் சரிவைத் திருத்தவேண்டியிருந்தது. அப்போது மாமா கேட்ட கேள்வி, டைல்ஸைப் பெயர்க்கும்போது அடியிலுள்ள படலம் கிழிந்தால் என்ன செய்வீர்கள் என்பது. படலத்தைப் பழுதுபார்த்து, டைல்ஸ் பதிக்கும் முன் வடிகாலை அடைத்து ஒருநாள் தண்ணீர் தேக்கிவைத்துச் சோதிப்பதாகப் பதில் கிடைத்தது. அந்தச் சோதனையின் தேதியையும் படத்தையும் தம்பதியர் கேட்டு வாங்கிக்கொண்டனர்.

இதே காரணத்தால், எல்லாக் குறைகளையும் திருத்தச் சொல்வது எப்போதும் நல்லதல்ல. குளியலறையில் ஒரு டைலின் ஓரத்தில் நெல்மணி அளவு சிதறலைச் சரிசெய்ய டைலைப் பெயர்த்தால் நல்ல படலம் சேதமாகலாம். புதிதாக வரும் டைல் வேறு தொகுதியில் தயாரானதாக இருந்தால் நிறமும் சற்று மாறும். அத்தகைய இடத்தில் நிறக்கலவையால் நிரப்புவதே போதும் என்று தம்பதியர் ஒரு குறையை விட்டுவிட்டனர்.

திருத்தப் பணி முடிந்தது என்று தகவல் வந்ததும் உடனே கையெழுத்திடக்கூடாது. முதல் நாள் செய்த அதே சோதனையை மறுபடி செய்யவேண்டும். தம்பதியர் வீட்டில் ஒரு டைல் மாற்றியபிறகும் வெற்றொலி தந்தது. இரண்டாம் முறை மாற்றவேண்டியிருந்தது. குளியலறை மூலையில் மூன்றாம் முறையாக வாளி சாய்ந்தபோது, தண்ணீர் நிற்காமல் வடிகாலுக்கு ஓடியது.

ஒரு குறையில் மட்டும் அவர்கள் தோற்றனர். வரவேற்பறைச் சன்னல் கண்ணாடியில் இன்னொரு நீண்ட கீறல் இருந்ததை, புதுப்பிப்புப் பணி தொடங்கி ஒரு வாரம் கழித்தே பார்த்தனர். முதல் நாள் எடுத்த படங்களில் அந்தச் சன்னல் திறந்த நிலையில் இருந்தது. கீறல் முன்பே இருந்ததா என்று எந்தப் படமும் சொல்லவில்லை. புதிய கண்ணாடிக்கு அவர்களே பணம் கொடுத்தனர்.

புதுப்பிப்பு அட்டவணையை எப்படி அமைப்பது?

புதிய வீவக வீட்டில் புதுப்பிப்புப் பணியை, அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முடிக்கவேண்டும். எனவே குறைகள் திருத்தப்படும் முன்பே அனுமதியை வாங்கிவிட்டால், அந்த மூன்று மாதத்திலிருந்து நாள்கள் வீணாகும். குத்தகையாளரிடம் ஒப்பந்தம் போடும்போதே, வேலை தொடங்கும் நாளைக் காலண்டர் தேதியாக எழுதாமல், குறைகள் திருத்தி முடிந்த பின் என்று எழுதச் சொல்லலாம். தெங்காத் தம்பதியர் அப்படி எழுதவில்லை. மூன்று வாரத் தாமதத்திற்குக் குத்தகையாளரிடம் பலமுறை பேசவேண்டி வந்தது.

வீட்டைப் பார்க்கத் தொழில்முறைப் பரிசோதகரை அமர்த்தும் வசதியும் உண்டு. கட்டணம் செலுத்தினாலும், மழைக்குப் பிறகு வந்து பார்ப்பதும் மேல்வீட்டார் குடிவந்த பிறகு கூரையைப் பார்ப்பதும் வீட்டுக்காரரின் வேலையாகவே இருக்கும்.

நாள்காட்டியில் குறித்துவைக்க

முதல் நாள்: சடங்கிற்கும் பொருள்கள் வருவதற்கும் முன், எல்லாச் சுவர்களையும் தரையையும், மூடிய நிலையில் எல்லாச் சன்னல்களையும் படம் எடுப்பது. குளியலறைகளிலும் துணி துவைக்கும் இடத்திலும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது.

முதல் மாதத்திற்குள்: எண்ணிட்ட பட்டியலைச் சேவை நிலையத்தில் கொடுத்து, பதிவு செய்ததற்கான அத்தாட்சியை வாங்குவது. குறைந்தது ஒரு கனமழைக்குப் பிறகு சன்னல் சுவர்களைத் தொட்டுப் பார்ப்பது.

புதுப்பிப்புக்கு முன்: திருத்திய ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்த பின்னரே கையெழுத்திடுவது.

மேல்வீட்டார் குடிவந்த பின்: குளியலறை, சமையலறைக் கூரைகளைப் பார்ப்பது.

பதினோராம் மாதம்: ஓராண்டுக் காலம் முடியும் முன் வாளியோடு இன்னொரு முறை வீட்டைச் சுற்றிவருவது. தெங்காத் தம்பதியரின் கைப்பேசியில் அந்தத் தேதிக்கு நினைவூட்டல் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மாமாவிடமும் அன்று வரச் சொல்லியிருக்கிறார்கள்.